உள்ளடக்கமும் ஒப்புதலும் வராமல் இணையதள வேலை நிற்கிறது: வாடிக்கையாளருக்குக் கடிதம் எப்படி எழுதுவது?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் கோவையில் இணையதளம் அமைத்துத் தரும் வேலை செய்கிறோம். ஆழ்குழாய்க் கிணறுகளுக்கான சப்மெர்சிபிள் மோட்டார் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்துக்கு, தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையதளம் செய்து தருவதாக ஒப்பந்தம் கையெழுத்தாகி, முன்பணமும் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் வேலையைத் தொடங்கத் தேவையானவை வந்து சேரவில்லை. வாட்ஸ்ஆப்பில் ஒரு லோகோ படம் வந்தது; பழைய கேட்லாக் ஒன்றின் பிடிஎஃப் வந்தது; மற்றதையெல்லாம் பழைய சைட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி வந்தது. எந்தெந்தப் பக்கங்கள் வரும் என்று நாங்கள் தயாரித்து அனுப்பிய பட்டியலுக்குச் சரி என்றும் பதில் இல்லை, வேண்டாம் என்றும் பதில் இல்லை. எங்களோடு பேசுகிறவர் அலுவலக மேலாளர். நிறுவனத்தைத் தொடங்கியவர் வயதில் மூத்தவர். விற்பனையை இப்போது அவருடைய மகன் பார்க்கிறார். யாருடைய சொல் இறுதியானது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

அனுப்புவதற்காக நான் எழுதி வைத்திருக்கும் கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் இணையதளப் பணியைத் தொடங்குவதற்குத் தேவையான உள்ளடக்கம், படங்கள், ஒப்புதல்கள் ஆகியவை எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவற்றைக் கூடிய விரைவில் அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாமதம் ஏற்பட்டால் பணி முடியும் தேதியும் தள்ளிப்போகும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

பெரியவர் மனம் வருந்தாமலும், அதே நேரத்தில் வேலை நகரும்படியும் இதை எப்படி மாற்றலாம்?

விரைவுப்பணி

இதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. மாதிரி எழுத்துகளையும் இணையத்தில் கிடைக்கும் மோட்டார் படங்களையும் வைத்து முழுத் தளத்தையும் கட்டிக் காட்டிவிடுங்கள். வெறும் பட்டியலைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு எதுவும் தோன்றாது. திரையில் தன் பெயரோடு ஒரு பக்கத்தைப் பார்த்தால்தான், இது தவறு, எங்கள் மாடல் இது அல்ல என்று அவரே பேசத் தொடங்குவார்.

மேகலை_சென்னை

நான் சில ஆண்டுகளாகத் திட்ட மேலாளராக இந்த வேலையைத்தான் பார்த்து வருகிறேன். விரைவுப்பணி சொல்வதில் பாதி சரி. கண்ணால் பார்த்தால்தான் பதில் வரும் என்பது உண்மை. ஆனால் மோட்டார் நிறுவனத்தின் தளத்தில் முதன்மையானது முகப்புப் பக்கம் அல்ல, மாடல் விவரப் பக்கம்தான். அந்த அட்டவணையில் ஹெச்பி, ஸ்டேஜ், குழாயின் அளவு, ஹெட், டிஸ்சார்ஜ் என்று எத்தனை பத்திகள் வரும், ஒரு மாடலுக்கு ஒரு வரி போதுமா, அல்லது ஒவ்வொரு ஹெட்டுக்கும் ஒரு டிஸ்சார்ஜ் அளவு என்று பல வரிகள் வேண்டுமா என்பது உண்மையான விவரம் கைக்கு வந்த பிறகே தெரியும். மாதிரி எழுத்தை வைத்து அந்தப் பக்கத்தைக் கட்டினால் முழுவதையும் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். தமிழ்ப் பக்கங்களுக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக மெனுவில் அடங்குவது தமிழில் இரண்டு வரியாகிவிடும். இணையத்திலிருந்து எடுத்த பிற நிறுவனத்தின் மோட்டார் படத்தை முன்னோட்டத்தில் கூட வைக்க வேண்டாம். அது அப்படியே தளத்தோடு வெளியே போய்விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் படித்து முடிக்கிற பெரியவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. உள்ளடக்கம் என்ற சொல்லைக் கேட்டால், நாம் புதிதாக உட்கார்ந்து ஏதோ எழுத வேண்டும் போலிருக்கிறது என்று அவர் நினைப்பார். எழுதுவது அவருடைய தொழில் அல்ல என்பதால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். நீங்கள் கேட்பவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே எங்கோ இருக்கின்றன, ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். லோகோவின் மூலக் கோப்பு அவர்களுடைய அச்சகத்தில் இருக்கும். மாடல் விவரங்கள் சோதனைப் பிரிவில் இருக்கும். டொமைன், பழைய தளத்தைச் செய்தவரிடம் இருக்கும். ஆகவே எது வேண்டும் என்பதோடு, அது யாரிடம் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரியவர் தாமாக எதையும் தேட வேண்டாம், இன்னாரிடம் வாங்கிக்கொடு என்று மேலாளரிடம் சொன்னால் போதும் என்ற நிலையை உருவாக்குங்கள்.

இரண்டாவதாக, வெற்றுத்தாளை அனுப்பி நிரப்பித் தரும்படி கேட்காதீர்கள். பழைய கேட்லாக்கிலிருந்து நீங்களே அட்டவணையைத் தட்டச்சு செய்து, தவறு இருந்தால் திருத்தித் தாருங்கள் என்று கேளுங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் கூடத் திருத்துவதற்குத் தயங்குவதில்லை.

அச்சகத்துக்காரன்

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சு வடிவமைப்பில் இருக்கிறேன். லோகோவைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வந்திருக்கும். ஆவணமாக அனுப்பியிருந்தால் மட்டுமே அசல் அளவில் வரும். ஆனால் அசல் ஜேபெக் கூட உங்களுக்குப் போதாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான நிறுவனங்களின் லோகோ, அவர்களுக்குப் பில் புத்தகமும் விசிட்டிங் கார்டும் அடித்துத் தரும் அச்சகத்தில் கோரல்டிரா கோப்பாக இருக்கும். எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றிய சிடிஆர் கோப்பு, அல்லது அதிலிருந்து எடுத்த பிடிஎஃப் வேண்டும் என்று கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு வரியை மேலாளர் அச்சகத்துக்கு அனுப்பினாலே போதும், அங்கிருப்பவருக்குப் புரிந்துவிடும். கர்வ்ஸாக மாற்றச் சொல்லாவிட்டால், அவர்களிடம் இருக்கும் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாமல் வடிவம் மாறிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ் எழுத்தில் இருக்கிறது. பழைய கேட்லாக்கிலிருந்து தமிழ்ப் பகுதியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் என்ற சொல் `jkpo;` என்று விழுந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது, யூனிகோடு அல்ல. மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியதை அப்படியே தளத்தில் ஏற்றாதீர்கள். பழைய எழுத்துருக்களில் ரகரமும் துணைக்காலும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும் என்பதால், அடித்தவர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அடித்திருப்பார். காகிதத்தில் அது தெரியாது. யூனிகோடாக மாறியதும் மோட்டார் என்பது மோட்டரர் என்று வந்து நிற்கும். திரையில் தேடும்போதும் அந்தச் சொல் அகப்படாது. ஆகவே மாற்றிய தமிழ்ப் பிரதிக்கு அவர்களிடம் தனியாக ஒப்புதல் வாங்குங்கள். அதைப் படித்துப் பார்ப்பவர் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவராக இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

கரூர்_வாசகர்

ஒப்புதல் என்று நீங்கள் சொல்வது ஐஎஸ்ஐ முத்திரையைத்தானே? சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கு ஐஎஸ் 8034 தரநிலை இருக்கிறது. பிஐஎஸ் உரிமம் பெறுவதற்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இணையதளம் செய்பவர் அதற்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

நொய்யல்கரை

ஐயா, நான் கேட்டது பக்கப் பட்டியலுக்கும் வாசகங்களுக்கும் வாடிக்கையாளர் தர வேண்டிய ஒப்புதலைப் பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்ன பிறகு கேட்லாக்கைத் திரும்பப் பார்த்தேன். எல்லா மாடல்களுக்கும் பொதுவாக அட்டையிலேயே ஐஎஸ்ஐ முத்திரை போட்டிருக்கிறது. உரிமம் எந்த மாடல்களுக்கு இருக்கிறது என்று அதில் எங்கும் இல்லை.

மேகலை_சென்னை

அப்படியானால் கரூர் வாசகர் உங்களுக்கு நல்ல உதவி செய்திருக்கிறார். ஐஎஸ்ஐ முத்திரை உரிமம் உள்ள பொருளுக்கு மட்டுமே உரியது. முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் வரும். எந்தெந்த மாடலுக்கு உரிமம் உள்ளது, எண் என்ன, இன்றைக்கு அது நடப்பில் இருக்கிறதா என்ற மூன்றையும் நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். அது வரும்வரை எந்த மாடல் பக்கத்திலும் முத்திரை வராது என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். நட்சத்திரக் குறியீடு போட்டிருந்தால் அதற்கும் இப்படியே செய்யுங்கள்.

பள்ளித்தளம்

என் அனுபவம் வேறு. நான் ஒரு தனியார் பள்ளிக்குத் தளம் செய்கிறேன். ஆண்டு விழாப் படங்களை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவற்றில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்டதும் பதில் நின்றுவிட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். முதல்வர் தாளாளரைக் கைகாட்டுகிறார், தாளாளர் முதல்வரைக் கைகாட்டுகிறார்.

மேகலை_சென்னை

உங்களுக்கும் நொய்யல்கரைக்கும் பொதுவான சிக்கல் அதுதான்: ஒப்புதல் தருபவர் யார் என்று முதலில் முடிவாகவில்லை. எனவே கடிதத்தின் முதல் வேண்டுகோள் பொருள் எதையும் பற்றியதாக இல்லாமல், எங்களுக்கு இறுதி ஒப்புதல் தருபவராக ஒருவரை நியமித்துச் சொல்லுங்கள் என்பதாக இருக்கட்டும். பெரியவரா மகனா என்று நாம் ஊகித்து ஒருவரிடம் போனால் மற்றவர் மனம் புண்படும். அதை அவர்கள் குடும்பத்துக்குள் முடிவு செய்துகொள்ளட்டும்.

பள்ளிப் படங்களைப் பொறுத்தவரை, சம்மதம் வரும்வரை கட்டடம், ஆய்வகம், விளையாட்டுத் திடல் ஆகிய படங்களை மட்டும் வைத்துத் தொடங்குவதுதான் வழி.

வழக்குரைஞர்_மதுரை

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 67ஆவது பிரிவு உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துகிறது. வேலையைச் செய்வதற்கு நியாயமான வசதிகளைச் செய்து தர மற்றவர் தவறினால், அந்தத் தவறுதலால் வேலை நிறைவேறாமல் போன அளவுக்கு, செய்வதாக வாக்களித்தவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார் என்று அது சொல்கிறது. சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: வீட்டைப் பழுதுபார்க்க ஒருவர் ஒப்புக்கொள்கிறார்; வீட்டுக்காரர் எந்த இடங்களில் பழுது என்று காட்ட மறுக்கிறார் அல்லது அலட்சியப்படுத்துகிறார்; அதனால் வேலை நடக்காமல் போனால் ஒப்புக்கொண்டவர் மீது குற்றமில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால், எதைக் கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளடக்கம் வரவில்லை என்று பொதுவாக எழுதியிருந்தால், எந்த உள்ளடக்கம் என்று எதிர்த்தரப்பு கேட்கும். பொருள்வாரியாக எழுதச் சொல்லும் மேகலையின் யோசனை சட்டத்தின் கண்ணிலும் சரியானது. பிரிவு எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டாம். இந்தக் கட்டத்தில் அது உறவைக் கெடுக்கும்.

விரைவுப்பணி

ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வோம் என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் முடிந்துவிடுமே? நான் அப்படித்தான் செய்கிறேன்.

வழக்குரைஞர்_மதுரை

இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் பேசலாம். பிறகு நீங்கள் மட்டும் எழுதும் கடிதத்தில் அதைச் சேர்ப்பதால், மற்றவரின் மௌனம் சம்மதமாகிவிடாது.

மேகலை_சென்னை

ஒப்பந்தத்தில் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். நிறத்துக்கும் பக்க வரிசைக்கும் வேண்டுமானால் சரி. தவறான ஹெட் அளவை நம்பி ஒரு விவசாயி மோட்டார் வாங்கி, 600 அடி போரில் இறக்கிய பிறகு தண்ணீர் ஏறாமல் போனால், வாடிக்கையாளர் பதில் சொல்லாததால் ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம் என்று யாரிடம் சொல்வது? தொழில்நுட்ப விவரத்துக்கு ஒரு மனிதர் பார்த்து, சரி என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

விரைவுப்பணி

அப்படியே எல்லாவற்றுக்கும் காத்திருந்தால் சிறிய குழுக்கள் பிழைக்க முடியாது. முன்பணம் கரைந்த பிறகு சம்பளம் யார் தருவது? இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

சேவையகம்

டொமைனைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. தளம் வெளியாகும் நாளில்தான் அது தேவைப்படும் என்பதால் பலரும் அதைக் கடைசியில் கேட்கிறார்கள். ஆனால் கைக்கு வர மிக அதிக நாள் எடுப்பது அதுதான். ஆகவே முதல் கடிதத்திலேயே கேளுங்கள். பழைய தளத்தைச் செய்தவர் தன் பெயரிலேயே டொமைனைப் பதிவு செய்திருப்பது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. .com பெயராக இருந்து, உரிமையாளர் விவரத்தை மாற்றினால், 60 நாள் வரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழவும் கூடும்.

கடவுச்சொல்லை வாட்ஸ்ஆப்பில் கேட்காதீர்கள். பதிவு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பதை மட்டும் இப்போது கேளுங்கள். இன்னொன்று, அவர்களுடைய அலுவலக மின்னஞ்சல் அதே டொமைனில் ஓடுகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்:

```
dig MX example.com +short
```

example.com இருக்கும் இடத்தில் அவர்களுடைய டொமைனைப் போடுங்கள். விடையில் ஏதேனும் மின்னஞ்சல் சேவையின் பெயர் வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த விவரங்களைப் புதிய இடத்தில் பதியாமல் நேம்சர்வரை மட்டும் மாற்றினால், அன்றைக்கே டீலர்களின் ஆர்டர் மின்னஞ்சல்கள் வருவது நின்றுபோகும். எனவே எதை மாற்றப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதி, அதற்கும் ஒப்புதல் வாங்குங்கள்.

நொய்யல்கரை

அனைவருக்கும் நன்றி. கேட்லாக்கைத் தட்டச்சு செய்யும்போதே ஒன்று தெரிந்தது: 5 ஹெச்பி மாடல் ஒன்றுக்குக் கேட்லாக்கில் 12 ஸ்டேஜ் என்றும், மேலாளர் பிறகு அனுப்பிய விலைப்பட்டியலில் 10 ஸ்டேஜ் என்றும் இருக்கிறது. பழைய தளத்தில் அந்த மாடலே இல்லை. மூன்றில் எதையாவது நாங்களே தேர்ந்தெடுத்திருந்தால் பெரும் தவறாகியிருக்கும். திருத்திய கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். தங்கள் இணையதளத்தின் பக்கங்களைக் கட்டும் வேலையைத் தொடங்குவதற்கு எங்களுக்கு நான்கு உதவிகள் தேவைப்படுகின்றன. எதையும் தாங்கள் புதிதாக எழுத வேண்டியதில்லை.
>
> முதலாவதாக, வாசகங்களுக்கும் அமைப்புக்கும் இறுதி ஒப்புதல் தருபவராகத் தங்கள் நிறுவனத்திலிருந்து ஒருவரை நியமித்து, அவர் பெயரைத் தெரிவிக்க வேண்டுகிறோம். அவருடைய எழுத்துப்பூர்வமான பதிலையே நாங்கள் இறுதியாகக் கொள்வோம்.
>
> இரண்டாவதாக, தங்கள் கேட்லாக்கிலிருந்து மாடல் விவர அட்டவணையை நாங்களே தயாரித்து இணைத்துள்ளோம். கேட்லாக்கும் விலைப்பட்டியலும் மாறுபடும் இடங்களை மஞ்சளில் காட்டியிருக்கிறோம். சோதனைப் பிரிவினர் பார்த்து, காகிதத்திலேயே பேனாவால் திருத்தித் தந்தாலும் போதும். ஐஎஸ்ஐ உரிமம் உள்ள மாடல்களையும் உரிம எண்ணையும் அதிலேயே குறித்துத் தர வேண்டும். அவை வரும்வரை முத்திரையைத் தளத்தில் இடமாட்டோம்.
>
> மூன்றாவதாக, லோகோவின் கோரல்டிரா கோப்பை, எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றி, தங்கள் அச்சகத்திலிருந்து மின்னஞ்சலில் அனுப்பச் செய்ய வேண்டுகிறோம்.
>
> நான்காவதாக, தங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பழைய தளத்தைச் செய்தவரிடம் கேட்டுத் தெரிவிக்க வேண்டுகிறோம். இது வர நாளாகலாம் என்பதால் இப்போதே கேட்கிறோம். வேலை தொடங்குவதை இது தடுக்காது.
>
> முதல் மூன்றும் வந்த நாளிலிருந்து ஒப்பந்தத்தில் கூறிய 45 நாட்களைக் கணக்கிட வேண்டுகிறோம். தொழிற்சாலைப் படங்களும் தமிழ்ப் பிரதியும் பிறகு வந்தால் போதும்.

மேகலை_சென்னை

இது அனுப்பத் தகுந்த கடிதம். இரண்டு திருத்தங்கள். பக்கப் பட்டியலுக்கான ஒப்புதலை விட்டுவிட்டீர்கள். இணைப்பில் உள்ள பக்கப் பட்டியல், பதிப்பு 2 என்று பெயரோடு சேருங்கள். பிறகு அவர்கள் சரி என்று மட்டும் பதில் எழுதினாலும் எதற்குச் சரி என்பதில் ஐயம் இருக்காது. அடுத்து, 45 நாட்களைப் பற்றிய வரியை வழக்குரைஞர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வழக்குரைஞர்_மதுரை

ஒப்பந்தத்தில் நாட்கள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகின்றன என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். கையெழுத்திட்ட தேதியிலிருந்து என்று இருந்தால், இந்த வரி ஒப்பந்தத்தை மாற்றுவதாகும். கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது. அவர்கள் ஏற்றுக்கொண்டதாக ஒரு பதிலும் வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் போதும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு மின்வழி ஒப்பந்தங்களை ஏற்றுக்கொள்கிறது.

நொய்யல்கரை

இரண்டு திருத்தங்களையும் செய்து, கடிதத்தை அச்சிட்டுப் பெரியவரிடம் நேரில் கொடுத்தோம், மின்னஞ்சலிலும் அனுப்பினோம். ஒப்புதல் தருபவராக மகனின் பெயரைப் பெரியவரே சொன்னார். அட்டவணை பேனாத் திருத்தங்களோடு திரும்பி வந்துவிட்டது. 5 ஹெச்பி மாடலுக்கு 10 ஸ்டேஜ்தான் சரி என்றும், கேட்லாக்கில் இருப்பது இப்போது தயாரிப்பில் இல்லாத பழைய மாடல் என்றும் சோதனைப் பிரிவினர் எழுதியிருக்கிறார்கள். ஐஎஸ்ஐ உரிமம் எல்லா மாடல்களுக்கும் இல்லை என்பதும் தெரிந்தது. சிடிஆர் கோப்பும் வந்தது. 45 நாள் கணக்கை மகன் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். எழுத்தில் இன்னும் வரவில்லை. டொமைன், சேவையகம் அஞ்சியபடியே பழைய தளத்தைச் செய்தவர் பெயரில் இருக்கிறது. அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

பள்ளித்தளம்

தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் வாங்குவது எப்படி? என் தாளாளரும் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்வார்.

மேகலை_சென்னை

பேசி முடித்த அன்றைக்கே நீங்களே எழுதி அனுப்புங்கள். இன்று தொலைபேசியில் தாங்கள் கூறியபடி இன்னது முடிவானது, இதில் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும், சரியென்றால் சரி என்று ஒரு பதில் அனுப்பவும் என்று கேட்டால் பெரும்பாலும் அந்த ஒரு சொல் வந்துவிடும். வராவிட்டால் அடுத்த சந்திப்பில் அதே வாசகத்தை அச்சிட்டு எடுத்துச் சென்று கையெழுத்து கேளுங்கள். நொய்யல்கரை, மாடல் பக்க வேலையை இப்போதே தொடங்கலாம், அதற்கு வேண்டியது வந்துவிட்டது.

சேவையகம்

டொமைன் பதிவு காலாவதியாகும் தேதியை whois விவரத்தில் இன்றே பார்த்து, மகனுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். புதுப்பிக்கும் பொறுப்பும் இப்போது பழையவரின் கையில்தான் இருக்கிறது; தேதி அருகில் இருந்தால் மற்ற வேலைகளைவிட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.